மூக்கைத் திறந்தால் இருமல் குறையும்: இரண்டரை மாதக் குழந்தைக்குப் பாணி மருந்து எதற்கு?

*வைத்தியர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டரை மாதம், தாய்ப்பால் மட்டும். நான்கு நாட்களாகத் தடிமன். முன்பள்ளிக்குப் போகும் மூத்தவனிடமிருந்து வந்தது. மூக்கு அடைத்துக் கர்கர் என்று சத்தம் கேட்கிறது. நாலு இழுப்பு பால் குடித்ததும் விட்டுவிட்டு அழுகிறாள். இருமும்போது முதுகில் கை வைத்தால் சளி உருளுவது தெரிகிறது. காய்ச்சல் இல்லை. மருந்துக்கடையில் ஓர் இருமல் பாணி தந்தார்கள். போத்தலில் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின், டெக்ஸ்ட்ரோமெதோர்பான் என்று இருக்கிறது. முந்தாநாள் இரவு அரைத் தேக்கரண்டி கொடுத்தேன். ஐந்து மணித்தியாலம் அசையாமல் தூங்கினாள். மருந்து வேலை செய்கிறது, தொடர்ந்து கொடு என்கிறார் மாமி. நல்லெண்ணெய் விடவும் காட்டுத் தேன் நாவில் தடவவும் சொல்கிறார். குடும்பநல உத்தியோகத்தர் சொன்னபடி உப்புநீர்த் துளி விட்டேன், பலன் தெரியவில்லை. சளி இழுக்கும் றப்பர் பல்பைப் பிடித்தால் வீரிட்டு அழுகிறாள், ஒருமுறை இரத்தமும் வந்தது. பாணியைத் தொடரலாமா? குளிக்க வார்க்கலாமா?*

*ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்*

தங்கச்சி, பாணியைத் தொடர வேண்டாம். அச்சில் வரும்வரை காத்திருக்கக்கூடிய பதில் அல்ல இது என்பதால் உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மார்கழி, தை மாதப் பனியில் இதே கேள்வியோடு வரும் தாய்மார் வன்னியில் நிறையப் பேர்.

முதலில் அந்த ஐந்து மணித்தியாலத் தூக்கம். குளோர்பெனிரமின் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்து. தூக்கம் வரவைப்பது அதன் பக்கவிளைவு. உங்கள் மகள் தூங்கியது மூக்கு திறந்ததால் அல்ல, மருந்து மூளையை மந்தமாக்கியதால். மூக்கு அடைத்த ஒரு கைக்குழந்தையைக் காப்பாற்றுவதே அது அடிக்கடி விழித்து, முகம் சுளித்து, வாயைத் திறந்து மூச்சு இழுப்பதுதான். அந்த விழிப்பைத்தான் இந்த மருந்து மழுங்கடிக்கிறது. இரண்டரை மாதக் குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றுவதில் இன்னும் மெதுவாகவே இருக்கும். ஆகவே ஒரு வேளை மருந்து பெரியவர்களிடம் தங்குவதைவிட அதிக நேரம் உடம்பில் தங்கும். அதோடு அன்றிரவு ஒரு பாலூட்டலாவது தவறியிருக்கும். தூக்கத்தை மாமி குணமாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை, பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும்.

மற்ற இரண்டையும் பார்ப்போம். பினைல்எப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கு வீக்கத்தை வற்றவைக்கும் என்ற எண்ணத்தில் சேர்க்கப்படுவது. வாயால் விழுங்கும்போது பெரியவர்களுக்கே அது பலன் தருவதில்லை என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு சொல்லிவிட்டது. மூக்குக்கு உதவாதது குழந்தையின் இதயத் துடிப்பை வேகமாக்கக்கூடும். டெக்ஸ்ட்ரோமெதோர்பான் மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தை அடக்குவது. அளவு கூடினால் மூச்சையும் அடக்கும். அளவு கூடுவதற்கு வீட்டுத் தேக்கரண்டி ஒன்றே போதும், ஏனென்றால் ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வோர் அளவு. அதே அமெரிக்கத் துறை 2008இலேயே இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட தடிமன், இருமல் மருந்துகளைக் கொடுக்கக்கூடாது என்று அறிவித்தது. மறு வருடம் பிரித்தானியா ஆறு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றது. இதற்குக் காரணம் எளிது. ஆராய்ந்தபோது இவற்றால் சின்னப் பிள்ளைகளின் இருமல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை, ஆபத்துக்குத்தான் சான்று கிடைத்தது. வேறு போத்தல்களில் புரோமெதசின் அல்லது கோடெயின் என்று பார்த்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். இரண்டும் மூச்சை நிறுத்தக்கூடியவை.

இன்னொரு விடயமும் உண்டு. 2022இல் காம்பியாவிலும் 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலும் பாணி மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்தில் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற தொழிற்சாலை இரசாயனம் கலந்திருந்தது. சிந்த்வாராவுக்குப் போன பாணி தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அப்படி ஒரு கலப்படம் மணத்திலும் சுவையிலும் தெரியாது. ஆனால் நான் மறுப்பது இதனால் மட்டும் அல்ல. சுத்தமாகத் தயாரித்த பாணியும் உங்கள் மகளுக்கு வேண்டாம்.

கொடுத்த அந்த ஒரு வேளைக்காக இப்போது பயப்படத் தேவையில்லை. மகள் வழமைபோல் விழித்து, பாலுக்கு அழுது, உங்கள் முகத்தைப் பார்க்கிறாள் என்றால் சரி. எழுப்ப முடியாத மந்தம் இருந்தால் மட்டும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனி மூக்கு. உங்கள் கடிதத்தில் உண்மையான நோய் விவரம் அந்த நாலு இழுப்பில்தான் இருக்கிறது. இந்த வயதில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். குரல்வளை மேலே, மூக்கின் பின்புறத்துக்குக் கிட்ட இருக்கும். அதனால்தான் பாலை உறிஞ்சிக்கொண்டே மூச்சும் விட முடிகிறது. மூக்குத் துவாரமோ மிகச் சிறியது. உட்சவ்வு கொஞ்சம் வீங்கினாலே வழி பாதியாகிவிடும். அப்போது குழந்தை பாலா மூச்சா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மூச்சைத் தேர்ந்தெடுத்துக் காம்பை விடுகிறது, பசியில் அழுகிறது. அழும்போது வாயால் மூச்சு வருவதால் கொஞ்சம் தெளிகிறது, பிறகு மறுபடியும் அதே கதை.

இருமலும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. மூக்கின் பின்பக்கமாகத் தொண்டைக்கு ஒழுகும் சளி குரல்வளையைத் தொடும்போது குழந்தை இருமி அதை விலக்குகிறது. காறித் துப்பத் தெரியாத வயதில் அவளிடம் இருக்கும் ஒரே காவல் அந்த இருமல்தான். முதுகில் உருளுவது தெரிவதற்கு நெஞ்சில் சளி கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் எழும் அதிர்வு சின்ன உடம்பு முழுவதும் பரவிக் கைக்குத் தெரியும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மூக்கைச் சுத்தம் செய்தபின் மறுபடி கை வையுங்கள். சத்தமும் உருளலும் பெரும்பாலும் போயிருந்தால் அது மூக்கின் சத்தம்.

உப்புநீர்த் துளி ஏன் பலன் தரவில்லை என்று யோசித்தேன். நீங்கள் எந்த நேரத்தில், எத்தனை துளி விட்டீர்கள் என்று எழுதவில்லை. வழக்கமாகப் பிசகும் இடங்கள் எனக்குத் தெரியும். பால் குடித்து முடித்தபின், குழந்தை மடியில் நிமிர்ந்து இருக்கும்போது, ஒரு துளி விட்டு உடனே துடைத்துவிடுவார்கள். அது உள்ளே போவதே இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். பாலூட்டுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் தொடங்குங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். துளிப் போத்தலைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்தால் குளிர் போய்விடும், குளிர்ந்த துளிக்குத்தான் குழந்தை அதிகம் துள்ளும். மகளை மல்லாக்காகப் படுக்கவைத்து, தோளுக்குக் கீழே மடித்த துவாய் ஒன்றை வையுங்கள், தலை சற்றே பின்னால் சாயும். இரு கைகளையும் மாமி பிடித்துக்கொள்ளட்டும். போத்தல் நுனி மூக்கைத் தொடாமல், ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு துளி. பீச்ச வேண்டாம், சொட்டட்டும். இனித்தான் பலர் தவறவிடும் பகுதி: ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். காய்ந்த சளி ஊறி இளக அந்த நேரம் தேவை. அவள் தும்முவாள், விழுங்குவாள், சிலவேளை சளியோடு கொஞ்சம் ஓங்காளிப்பாள். நல்லதே. தும்மலே பாதி வேலையை முடித்துவிடும். வெளியே வந்ததை மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள்.

இதன்பின் மூச்சு இலேசாகி, வாயை மூடிக்கொண்டு பால் குடிக்கிறாள் என்றால் பல்பைத் தொடவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் சளி துவாரத்தில் நிற்கும்போது மட்டுமே அதற்கு வேலை. சவ்வு வீங்கியதால் வந்த அடைப்பை எவ்வளவு உறிஞ்சினாலும் எடுக்க முடியாது, உறிஞ்சினால் வீக்கம்தான் கூடும்.

பல்பைப் பிடிப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. மூக்குக்கு வெளியே வைத்தே அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அமுக்கியபடியே நுனியைத் துவாரத்தின் வாயிலில் மட்டும் வையுங்கள். பிறகு விரலை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். மூக்குக்குள் வைத்து அமுக்கினால் காற்று சளியைப் பின்னால் தள்ளிவிடும். சட்டென்று விட்டால் உறிஞ்சல் பலமாகிக் குழந்தைக்கு நோகும். நுனி நடுத்தண்டில் அழுந்தினால் இரத்தம் வரும், ஏனென்றால் அந்த இடத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் மேற்பரப்பிலேயே ஓடுகின்றன. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோடாக வந்து நின்றுவிட்ட இரத்தம் பயப்பட வேண்டியதல்ல. இன்றும் நாளையும் பல்பை ஒதுக்கி வைத்துவிட்டுத் துளி மட்டும் விடுங்கள். மீண்டும் எடுக்கும்போது ஒரு நாளில் மூன்று, நான்கு தடவைக்கு மேல் வேண்டாம், அதுவும் துளி விட்டபின், பாலுக்கு முன். பால் குடித்தபின் செய்தால் குடித்ததெல்லாம் வெளியே வரும். ஒவ்வொரு முறையும் சவர்க்கார நீரை உள்ளே இழுத்து வெளியேற்றி, சுடுநீரில் அலசி, நுனி கீழே பார்க்கக் காயவிடுங்கள். உட்புறம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்த பல்பை எறிந்துவிடுங்கள். வாயால் நேரடியாக உறிஞ்சி எடுக்கும் பழக்கம் மாமிக்கு இருந்தால் அன்பாகத் தடுங்கள், பெரியவர்கள் வாயில் இருக்கும் கிருமி குழந்தையின் மூக்குக்குப் போகும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். உப்புநீர் தடிமனைச் சுகப்படுத்தாது. அந்த ஒரு பாலூட்டலுக்கு, அந்த ஒரு தூக்கத்துக்கு வழியைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். பலனை அளக்க வேண்டிய இடம் மூக்கல்ல, பால். நாலு இழுப்பு பத்து, பதினைந்து இழுப்பாக நீண்டால் துளி வேலை செய்கிறது. இந்த நாட்களில் ஒருதரம் நிறையக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். குடிக்கவே சிரமப்பட்டால் பாலைப் பீய்ச்சிச் சிறு கரண்டியால் ஊட்டலாம்.

வாங்கும் போத்தலில் சோடியம் குளோரைட் 0.9% என்று இருக்க வேண்டும், வேறு எந்த மருந்தின் பெயரும் இருக்கக்கூடாது. இதைக் கட்டாயம் வாசித்துப் பாருங்கள். அதே அளவில், அதே வடிவத்தில் சைலோமெற்றசோலின், ஒக்சிமெற்றசோலின் துளிகளும் விற்கிறார்கள். அவை பெரியவர்களின் மூக்கடைப்புக்கானவை. கைக்குழந்தைக்கு விட்டால் மயக்கத்தையும் மூச்சு மந்தத்தையும் கொண்டுவரலாம். கடைக்குப் போக வழியில்லாத நாளில் வீட்டிலும் செய்துகொள்ளலாம். நன்றாகக் கொதித்து ஆறிய அரை லீற்றர் நீருக்கு, மட்டமாக வழித்த முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு. ஆனையிறவுக் கல்லுப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள், கல்லின் பருமனைப் பொறுத்து எடை மாறும். உப்புக் கூடினால் மூக்கு எரியும். கொதித்த பாத்திரத்தில் மூடி வைத்து, ஒரு நாள் கழிந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். மூத்தவனுக்கும் இவளுக்கும் ஒரே துளிப் போத்தல் வேண்டாம்.

மாமியின் வைத்தியத்துக்கு வருகிறேன். நல்லெண்ணெயை மூக்கில் விட்டால் அது இருமலைத் தூண்டாமலே நழுவி நுரையீரலுக்குள் போய்விடலாம். அங்கே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். தேனுக்கு நான் பகையல்ல, ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் எந்தப் பாணியையும்விட நல்லது. ஆனால் ஒரு வயதுக்குள் நாவில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். உடம்பு துவளும், பால் உறிஞ்சும் பலம் போகும், மூச்சுத் தசைகளும் தளரும். எங்கள் காட்டுத் தேன் கலப்பில்லாதது என்பது உண்மைதான், ஆனால் அந்த வித்துகள் கலப்பில்லாத தேனிலும் இருக்கும், காய்ச்சினாலும் சாகாது. கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சிலும் மூக்கிலும் பூசுவதும் வேண்டாம், கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை வரவைக்கும். மல்லித் தண்ணீரும் வேண்டாம், வயிற்றில் பாலுக்கு இருக்கும் இடத்தை அது எடுத்துக்கொள்ளும்.

ஏணையில் படுக்க வைக்கிறீர்களா? தடிமன் ஆறும்வரை தட்டையான பாயில், மல்லாக்காக, தலையணை இல்லாமல் படுக்கவையுங்கள். ஏணைத் துணி வளைவதால் நாடி நெஞ்சில் முட்டி மூச்சுவழி மடங்கும். விறகு அடுப்பு எரியும் குசினியிலிருந்தும் நுளம்புச் சுருளிலிருந்தும் அவளைத் தள்ளியே வையுங்கள், நுளம்புக்கு வலை போதும்.

இன்னும் எத்தனை நாள் என்றால், தடிமன் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். நீங்கள் எழுதியது அந்த உச்சத்தில். மூக்கு திறந்தபின்னும் இருமல் இரண்டு, மூன்று கிழமை இழுபடலாம், பாலும் விளையாட்டும் சரியாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் நோய் மூக்கோடு நிற்காமல் நெஞ்சுக்கு இறங்கினால் அதை நீங்கள்தான் முதலில் காண்பீர்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, அவள் அமைதியாக இருக்கும்போது, வயிறு எத்தனை தரம் எழுகிறது என்று ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது, ஆகவே பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குப் பிழைக்கும். அவள் வயதில் 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. (இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த எல்லை 60.) மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, ஒவ்வொரு மூச்சோடும் முனகுவது, வழமையில் பாதிப் பால்கூடக் குடிக்காதது, நாளில் ஆறு தரம் நனைந்த துணி மூன்றாகக் குறைவது, உதடு நீலமாவது, இருமி இருமி முகம் கறுத்து மூச்சு நின்று வருவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை பார்க்க வேண்டாம். மாங்குளமோ முல்லைத்தீவோ, கிட்டிய வைத்தியசாலைக்குப் போங்கள். இரவில் வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். மூன்று மாதத்துக்குள் 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல் அடித்தால், வேறு ஒரு குறியும் இல்லாவிட்டாலும், பரசிற்றமோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே காட்ட வேண்டும்.

இரண்டாம் மாத ஊசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. அதில் குக்கலுக்கான தடுப்பும் இருக்கிறது. இவ்வளவு சின்னக் குழந்தையில் குக்கல் கூவும் சத்தமே இல்லாமல் மூச்சை நிறுத்தும். போடவில்லை என்றால் அடுத்த கிளினிக்கிலேயே போடுங்கள், காய்ச்சல் இல்லாத சாதாரண தடிமனுக்காக அதைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

குளிக்க வார்க்கலாம். வெயில் ஏறியபின், காற்று அடிக்காத இடத்தில், இளஞ்சூட்டு நீரில் விரைவாக வார்த்து உடனே தலையைத் துவட்டிவிடுங்கள். குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகையை மட்டும் விட்டுவிடுங்கள்.